அறுநூற்று நாற்பது காதுகள்

நாலு வரி எழுதுவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறாளே என்று கத்தரியைக் கேலி செய்யாதவர்கள் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. கத்தரி என்பது கத்தரிக்கோலின் சுருக்கம். யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மீதியைப் படிப்பாள். அதனால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட.

காது சரியாகக் கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்தித் தருகிற நிறுவனம் அது. மூன்று மாடிக் கட்டடத்தின் நடுமாடி. வாசலில் வரவேற்பு மேஜை, அதைத் தாண்டினால் சத்தம் புகாத பரிசோதனை அறை, அதற்கு அந்தப் பக்கம் காது அச்சு எடுக்கிற அறை, கோடியில் ஜன்னலோரமாகக் கத்தரியின் மேஜை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போகும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன எழுதுவது என்பதுதான் அவள் உத்தியோகம். அவளுக்கும் இரண்டு காதிலும் கருவி உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாடியில், இதே பரிசோதனை அறையில் போட்டுக்கொண்டது.

மற்ற படங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடுவாள். வருடக் கடைசியில் போகிற அந்த ஒரு படம்தான் அவள் உயிரை வாங்கும். இந்த ஆண்டு என்ன செய்தோம் என்று ஒரே ஒரு படத்தையும் நாலைந்து வரியையும் வைத்துச் சொல்லியாக வேண்டும். கைபேசியில் முதல் இரண்டு வரிதான் தெரியும். மிச்சம் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார்கள். ஆகவே பொய் சொல்ல நினைப்பவனுக்கு அந்த முதல் இரண்டு வரி வசதியான இடம். பெரிய எண்ணை மேலே தூக்கி வைத்துவிட்டு, அது எதன் எண் என்பதைக் கீழே தள்ளிவிடலாம். கத்தரிக்கு அந்தத் தந்திரம் தெரியும். தெரிந்ததால்தான் அதன் மேல் அவ்வளவு ஆத்திரம்.

இந்த வருடத்து எண்களை அவளும் ஃபோன் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கருவி பொருத்தி ஆறு மாதம் ஆனவர்களை விசாரிப்பது ஃபோன் அண்ணனின் வேலை. காது கேட்காதவர்களுக்குப் போய் ஃபோன் பண்ணுகிற ஆள் என்று அவரைக் கிண்டல் செய்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் பாதி நாள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத்தான் போவார். அந்த வருடம் நிறுவனம் பொருத்திய கருவிகள் 640. வந்த மனிதர்கள் 338. முந்நூற்று இரண்டு பேருக்கு இரண்டு காதிலும், முப்பத்தாறு பேருக்கு ஒரு காதில் மட்டும். கருவியை எண்ணிவிட்டு மனிதரை எண்ணியதாகச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம். சிலர் தெரியாமல் விழுவார்கள், சிலர் தெரிந்தே போய் உட்காருவார்கள்.

கொடுத்தது முக்கியமில்லை, கொடுத்தபின் போடுகிறார்களா என்பதுதான் கேள்வி என்று கத்தரி எப்போதும் சொல்வாள். இழுப்பறைக்குள் கிடக்கிற கருவி யாருக்கும் எதையும் கேட்கவைக்காது. ஆறு மாதம் முடித்திருந்தவர்கள் 190 பேர். அவர்களில் 118 பேர் தினமும் போடுகிறார்கள், 31 பேர் வேண்டியபோது போடுகிறார்கள், 22 பேர் கழற்றி வைத்துவிட்டார்கள், 19 பேரை எங்கே தேடியும் பிடிக்க முடியவில்லை. அந்த இருபத்திரண்டையும் பத்தொன்பதையும் எழுதத்தான் வேண்டுமா என்று ஃபோன் அண்ணனே தயங்கினார். தன் வேலையில் ஓட்டை தெரியுமே என்ற கூச்சம் அவருக்கு. ஓட்டையையும் எழுதினால்தான் மற்ற எண்ணை நம்புவார்கள் என்று கத்தரி அவரைச் சமாதானம் செய்தாள்.

படத்துக்கு ஒரு தையல்கடைக்காரம்மாவைப் பிடித்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். கடையில் மூன்று தையல் மெஷின். மெஷின் ஓடும்போது சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கருவியைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொள்வார். வாடிக்கையாளர் படியேறினால் எடுத்துக் காதில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொள்ளும் அந்த நொடியைத்தான் கத்தரி படமெடுத்திருந்தாள். ஒரு கை காதருகே, இன்னொரு கையில் அளவு நாடா, கண் வாசலைப் பார்த்து.

எழுதியதை எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே படித்துக் காட்டினாள். அதுதான் நிறுவனத்தின் விதி. படத்தில் இருப்பவர் படித்துச் சரி சொல்லாமல் ஒரு வரி கூட வெளியே போகாது. தையல்கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். முதலில் முடி கலைந்திருக்கிறது என்று குறைப்பட்டார். பிறகு, 338 பேருக்குக் கருவி கொடுத்தோம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கொடுத்தீங்க, சரி. நான் இல்லேங்கல. ஆனா ரெண்டு மாசம் தலைவலியோட இத மாட்டிக்கிட்டுப் பழகினது யாரு? நீங்களா?"

கத்தரி அங்கேயே அடித்து, 338 பேர் வந்து பொருத்திக்கொண்டார்கள் என்று மாற்றினாள். பெயர் வேண்டாம், கடை உரிமையாளர் என்று போடு, வாடகைக் கடை என்றாலும் உரிமை என்னுடையதுதான் என்று அந்தம்மா சொன்னதற்கும் தலையாட்டினாள். கிளம்பும்போது அவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களப் பத்தி எழுதினா, உங்ககிட்டயும் இப்படிப் படிச்சுக் காட்டுவாங்கல்ல?"

"எங்க அக்காவோட சட்டம் அது. அவங்களே மீற முடியாது" என்று கத்தரி சிரித்தாள்.

அக்கா என்று அவள் சொன்னது கூடப்பிறந்தவளை அல்ல. அந்த நிறுவனத்தை நடத்துகிற, காதைச் சோதித்துக் கருவி பொருத்துகிற ஆடியாலஜிஸ்ட் அம்மாளை. மற்ற எல்லோரும் மேடம் என்பார்கள். கத்தரி ஒருத்திதான் அக்கா. அந்த உறவு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவளை இங்கே கூட்டிவந்தவன் அவள் கூடப்பிறந்த அண்ணன். அப்பா அம்மா போனபிறகு அவன்தான் அவளுக்கு எல்லாம். சோறு போட்டான், படிக்கவைத்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில், அவளை நடுக்கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டே அவளைப் பற்றி யாரோடும் எதையும் பேசுவான். அவள் முகம் பார்த்துப் பேசும்போது ஒரு அண்ணன், அவள் முதுகுக்குப் பின்னால் பேசும்போது வேறு ஒரு அண்ணன். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறவளுக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பவன் எப்படித் தெரிவான்?

பரிசோதனை அறையில் அக்கா அவள் காதில் கருவியைப் பொருத்திக் கணினியில் ஏதோ தட்டினார். முதலில் கேட்டது மின்விசிறி. பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம், அவள் புடவையே உரசுகிற சத்தம். பின்னால் நின்று கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அண்ணன், வழக்கம்போல, அவளுக்குக் கேட்காது என்ற பழக்க தோஷத்தில், அக்காவிடம் சொன்னான்.

"அப்பாடா. இனிமேலாவது இவள யார் தலையிலயாவது கட்டிடலாம். இல்லன்னா கடைசி வரைக்கும் இந்தச் சுமை என் முதுகுலதான்."

அவள் வாழ்க்கையில் உதட்டைப் பார்க்காமல், முழுதாக, தெளிவாகக் காதில் விழுந்த முதல் வாக்கியம் அது. அவள் அழுதாள். அண்ணன் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் கிட்டத்தில் வந்து படமெடுத்தான். தான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும் என்பது அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தது ஒரே ஒருவருக்குத்தான். அக்கா எழுந்து வந்து, அண்ணனைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அவளுக்கு அங்கேயே வேலை கொடுத்தார். முதல் நாளே அந்த விதியையும் போட்டார். ஆளை வைத்துக்கொண்டே ஆளுக்குத் தெரியாமல் ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. இங்கே அது நடக்காது என்று கத்தரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அவள் அக்கா என்று கூப்பிட்டதுதான், இத்தனை வருடமாக அப்படியே.

இந்த வருடத்துக் குறிப்பையும் அக்காதான் கடைசியாகப் பார்த்தார். 640 என்ற எண்ணை மேலே வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று ஒரு வார்த்தை சொன்னார். பெரிய அறக்கட்டளை ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர்களுக்குப் பெரிய எண்ணும் மனதை உருக்குகிற முகமும் பிடிக்கும் என்றும் சொன்னார். கத்தரி 338ஐ விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா பெருமூச்சு விட்டு, சரி, உன் இஷ்டப்படியே போகட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகப் போகும்படி நேரம் குறித்துவிட்டு, அந்த ஞாயிறு மதியம் கத்தரி நிம்மதியாக அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினாள்.

அங்கே வாசலிலேயே ஒரு பரபரப்பு. அண்ணன் மகள் கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அத்தை, நீ அழறத ஊரே பாக்குது" என்றாள். அதில் கேலி இல்லை, பெருமைதான் இருந்தது.

கத்தரி வாங்கிப் பார்த்தாள். நிறுவனத்தின் பக்கம்தான். தையல்கடைக்காரம்மாவைக் காணோம். அந்த இடத்தில் பரிசோதனை அறை, எட்டு வருடத்துக்கு முந்தைய ஒல்லிக் கத்தரி, காதில் புதுக் கருவி, முகம் கோணி வழிகிற கண்ணீர். கீழே இப்படி எழுதியிருந்தது: 'இந்த ஆண்டு 640 பேரின் மௌனச் சிறை உடைந்தது. அவர்களைப் போல ஒருத்தி, தன் அண்ணனின் அன்புக் குரலை முதன்முதலாகக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விடும் தருணம் இது.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். 640 பேர். பேர் என்றே போட்டிருந்தது. மௌனச் சிறையாம். யார் வீட்டுச் சிறை? கருவிக்கு முன்னாலும் அவள் பஸ்ஸில் போனாள், பரீட்சை எழுதினாள், சினிமாவுக்குப் போய் அழுதாள். அப்புறம்தான் அந்த அன்புக் குரல் கண்ணில் பட்டது.

வீடியோவை ஓடவிட்டாள். பேச்சு எதுவும் கேட்கவில்லை. முழுக்க வயலின். இன்னொன்றையும் கவனித்தாள்: வசனவரி இல்லை. காது கேட்காதவர்கள் பார்க்கிற பக்கம் அது. பேசுவதை எழுத்தில் போடாமல் ஒரு படமும் அங்கே போனது கிடையாது. அது அவளே காவல் காத்த வழக்கம்.

அண்ணன் உள்ளேயிருந்து துண்டால் கை துடைத்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் விருந்து வைத்தவனின் சந்தோஷம்.

"எப்படி? நான்தான் குடுத்தேன். உங்க மேடம் போன வாரமே ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. உனக்குச் சொல்ல வேணாம், ஆச்சரியமா இருக்கட்டும்னாங்க."

போன வாரமே. அவள் 338க்காக மல்லுக்கு நின்றபோது, உன் இஷ்டப்படியே போகட்டும் என்று பெருமூச்சு விட்டாரே, அப்போதே கையில் இது இருந்திருக்கிறது. கத்தரி அண்ணனைப் பார்த்தாள். நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். நல்லா கேட்குதா என்று கேட்டிருப்பேன், வேறு என்ன என்றான். அவள் அந்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் அவனிடம் திருப்பிச் சொன்னாள். யார் தலையிலாவது, சுமை, முதுகு, எல்லாம். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மகள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

"நானா?" என்றான் அண்ணன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சும்மா சொல்லியிருப்பேம்மா. உனக்குக் கேக்கும்னு நினைக்கல" என்றான்.

பாவம், அவன் பொய் சொல்லவில்லை. மறந்தே போயிருந்தான். எட்டு வருடமாக அவள் தினமும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, அவன் சொன்ன மறுநிமிடமே தொலைத்துவிட்டிருந்தான். சாப்பிடாமல் கிளம்பினாள். தெருமுனையில் கைபேசி அதிர்ந்தது. தையல்கடைக்காரம்மா எழுதியிருந்தார்: காலையிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தேன், என் படம் எங்கே, யாரோ ஒரு பெண் அழுகிறாளே, அது நீங்களா? அதற்கு என்ன பதில் எழுதுவது? கத்தரி கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அன்று முழுக்க அக்காவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏதாவது ஒரு நல்ல காரணம் சொல்லிவிடுவார், தானும் நம்பிவிடுவோம் என்று பயந்தாள். நம்ப வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதுதான் கேவலம். அண்ணன் குரல் அன்புக் குரல் என்று எழுதியது வேறு யாராவது, விவரம் தெரியாத புது ஆள் யாராவது செய்த கூத்தாக இருக்கட்டும் என்று படுக்கையில் புரண்டபடி வேண்டிக்கொண்டாள். அக்காவுக்கு அந்த நாள் மறந்து போயிருக்கலாம். வருடத்துக்கு முந்நூறு பேருக்குப் பொருத்துகிறவர். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வாக்கியம் எப்படி நினைவிருக்கும்? மறதி என்றால் மன்னித்துவிடலாம். அண்ணனையே மன்னிக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை அக்கா பரிசோதனை அறையில் இருந்தார். முதல் ஆள் வருவதற்கு முன் இயந்திரத்தைச் சரிபார்க்கிற நேரம். கத்தரி உள்ளே போய்க் கனத்த கதவைச் சாத்தினாள். வெளிச் சத்தம் சட்டென்று அறுந்து, இரண்டு பேரின் மூச்சு மட்டும் கேட்டது. அக்கா தலையைத் தூக்கி, கோபமா என்றார். கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். பிறகு அவள் பயந்தபடியே நல்ல காரணங்கள் வரிசையாக வந்தன. தையல்கடை நல்ல படம், ஆனால் யாரும் நிற்க மாட்டார்கள், கடந்து போய்விடுவார்கள். இதை ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அறக்கட்டளைத் தலைவரே தன் பக்கத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த வருடம் எத்தனை பேருக்குக் கருவி கிடைக்கும் என்று யோசி. நீ எங்கள் வீட்டுப் பெண், உன்னைக் கேட்டால் நீ மறுப்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

640 பேர் வரவில்லையே என்றாள் கத்தரி. அக்கா சின்னதாகச் சிரித்தார். பேர் என்பதைக் காது என்று நினைத்துக்கொள், கணக்கு சரியாகிவிடும் என்றார்.

இந்த மாதிரி வேடிக்கைப் பேச்சுக்கு இதே அக்கா முன்பெல்லாம் மற்றவர்களை வறுத்தெடுத்திருக்கிறார். கத்தரி ராத்திரியெல்லாம் கேட்கப் பயந்ததைக் கேட்டாள். வசனவரி ஏன் போடவில்லை?

அக்கா ஒரு கணம் இயந்திரத்தின் பொத்தானைத் திருகினார். பிறகு, உண்மையிலேயே ஒரு நன்மை செய்தவரின் குரலில் சொன்னார்.

"உனக்காகத்தான்மா. அவரு பேசினது அப்படியே இருந்தது. அது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் பாட்டு போட்டேன்."

கத்தரிக்கு அந்தச் சத்தமில்லாத அறையில் ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. இந்த அறையில் எப்போதும் அப்படித்தான் கேட்கும்.

"அப்போ உங்களுக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

அக்கா இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மறக்கவில்லை. மறந்துவிட்டு எழுதியிருந்தால் அது பிழை. ஒலியைக் கேட்டு, அந்த வாக்கியத்தைக் கேட்டு, இது வெளியே தெரியக் கூடாது என்று அதன் மேல் வயலினைப் போர்த்தி, அப்புறம் உட்கார்ந்து அன்புக் குரல் என்று எழுதியிருக்கிறார். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்ட அதே கை. அண்ணன் முதுகுக்குப் பின்னால் பேசினான். இவர் முகத்துக்கு நேரே விதி போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் எழுதியிருக்கிறார். கத்தரிக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் எல்லாம் சின்னதாகத் தோன்றியது. அவன் சுமை என்றான். இவர் அந்தச் சுமையை எடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு தன் மேஜைக்குப் போனாள். அக்கா பின்னாலேயே வந்தார். பரபரப்பில் எதையும் நீக்கிவிடாதே, அறக்கட்டளைக்குத் தெரிந்தால் அசிங்கம், இரண்டு நாள் போகட்டும், நானே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வரவேற்பு மேஜைப் பெண் எழுந்து நின்றாள். ஃபோன் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

நீக்கவில்லை என்றாள் கத்தரி. நீக்கினால் நாற்பதாயிரம் பேர் தலைக்குள் அந்தப் பொய் அப்படியே இருக்கும். படத்தை மாற்ற முடியாது. கீழே இருக்கிற எழுத்தை மாற்றலாம். திருத்து என்பதை அழுத்தினாள். மௌனச் சிறையைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஆனந்தக் கண்ணீரை அழித்தாள். அந்த வெள்ளைக் கட்டத்தில், மூன்று வாரம் எடுக்கிறவள், நிறுத்தாமல் தட்டினாள்.

'இந்த ஆண்டு 338 பேர் எங்களிடம் வந்து காதுக்கருவி பொருத்திக்கொண்டார்கள். 640 என்பது கருவிகளின் எண்ணிக்கை; நேற்று இங்கே 640 பேர் என்று சொன்னது தவறு. ஆறு மாதம் முடித்த 190 பேரில் 118 பேர் தினமும் அணிகிறார்கள், 31 பேர் வேண்டியபோது அணிகிறார்கள். 22 பேர் கழற்றி வைத்துவிட்டார்கள். 19 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் யாரும் சிறையில் இருக்கவில்லை. படத்தில் இருப்பது நான். இந்தக் குறிப்பை எழுதுகிறவளும் நான்தான். எட்டு வருடம் முந்தைய படம். என்னைக் கேட்காமல் வெளியிடப்பட்டது. அந்தக் கண்ணீர் ஆனந்தத்தினால் வந்ததல்ல.'

அங்கே விரல் நின்றது. ஏன் அழுதேன் என்று அடுத்த வரி எழுத வேண்டும். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, விரல் நுனியிலும் இருந்தது. எழுதினால் நாற்பதாயிரம் பேர் அண்ணனைக் காறித் துப்புவார்கள். அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போக முடியாது. துப்பட்டும் என்று ஒரு மனது சொன்னது. ஆனால் அந்தப் படத்தில் அண்ணனும் இருந்தான். முகம் இல்லாமல், குரலாக. அவனைப் பற்றிய வரியை அவன் இன்னும் படிக்கவில்லை, சரி சொல்லவில்லை. மற்றவர்கள் விதியை மீறியதால் அது விதி இல்லை என்று ஆகிவிடுமா? அந்த வரியை அவள் எழுதவில்லை. தையல்கடைக்காரம்மாவின் படம் நாளைக்கு இதே எண்களோடு தனியாக வரும் என்று மட்டும் கடைசியில் சேர்த்தாள்.

அக்கா அவள் தோளுக்கு மேலே குனிந்து முழுதும் படித்துவிட்டிருந்தார். குரல் தழைந்து போயிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடக் கூடாதா? பாக்கிறவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கத்தரி திரும்பவில்லை. சேமி என்ற பொத்தானை அழுத்தினாள்.

"படத்துல இருக்கறவங்க படிச்சுட்டாங்க, மேடம்" என்றாள். "சரி சொல்லிட்டாங்க."